பூமழை: ஒரு இன்ச் மழையும் ஒரு வருஷக் காப்பியும்

கீழச்சிவல்பட்டியில இருந்து பேசுறேன். எங்க ஊர்ல காப்பிச் செடி கிடையாது. வெயிலும் செம்மண்ணும் ஊருணியும்தான் இருக்கு. ஆனா காலையில டிக்காஷன் இறங்காத வீடுன்னு ஒண்ணைத் தேடிக் கண்டுபிடிக்கறது கஷ்டம். அந்தக் காப்பி எவ்வளவு விளையும், எப்படி விளையும்ங்கறதை மார்ச், ஏப்ரல் மாசத்துல மலையில பெய்யற ஒரே ஒரு மழை பெரும்பாலும் முடிவு பண்ணிடுதுன்னு எனக்கு ரொம்ப நாள் தெரியாது. தோட்டத்துக்காரங்க அந்த மழைக்கு வச்சிருக்கற பேரு பூமழை. இங்கிலீஷ்ல பிளாஸம் ஷவர்.

இன்னைக்குப் பேச்சு முழுக்க அதைப் பத்திதான். நமக்குக் கிட்டத்துல இருக்கற காப்பி மலைன்னா கீழ்ப்பழனி மலை. வத்தலக்குண்டுல இருந்து பட்டிவீரன்பட்டி வழியா ஏறினா தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கமெல்லாம் வரும். காப்பி வாரியத்தோட ஆராய்ச்சி நிலையம் ஒண்ணு தாண்டிக்குடியிலயே இருக்கு. அந்தப் பக்கம் என் தாய்மாமா நாலு ஏக்கர் அராபிகா வச்சிருக்கார். மிளகு, வாழை, நிழல் மரங்களுக்கு நடுவுல இருக்கற சின்னத் தோட்டம். அவரோட மழை நோட்டைத்தான் இன்னைக்கு நாம பிரிச்சுப் பார்க்கப்போறோம்.

முதல்ல, செடிக்குள்ள என்ன நடக்குதுன்னு பார்த்துடலாம். காப்பிப் பூ மழை பெஞ்ச பிறகு புதுசா உருவாகறது இல்லை. மழை முடிஞ்சு பகல் குறைய ஆரம்பிக்கற மாசங்கள்லயே, கிளையில இலை முளைக்கற ஒவ்வொரு கணுவுலயும் மொட்டு கட்டிடும். அது நாலஞ்சு மில்லிமீட்டர் நீளம் வரைக்கும் வளரும். அப்புறம் அப்படியே நின்னுடும். ஜனவரி, பிப்ரவரி முழுக்கப் பச்சையா, சின்னதா, எந்த மாற்றமும் இல்லாம இருக்கும். பார்த்தா செத்துப்போன மாதிரி தெரியும், ஆனா உறக்கத்துலதான் இருக்கு.

இந்த உறக்கத்துக்கு வறட்சி வேணும். இது நம்ம எதிர்பார்ப்புக்கு நேர் எதிரா இருக்கற விஷயம். தண்ணி தாராளமா கிடைச்சா செடி நல்லாப் பூக்கும்னுதானே நினைப்போம்? பிரேசில் நாட்டுத் தாவர விஞ்ஞானி பாவ்லோ அல்விம் 1960-ல 'சயின்ஸ்' இதழ்ல எழுதின கட்டுரை இதைப் பத்தினதுதான். விடாம தண்ணி கொடுத்துக்கிட்டே இருந்த செடியில மொட்டு உறக்கத்துலயே கிடந்தது. காய விட்டுத் தண்ணி கொடுத்த செடி பூத்தது. அதாவது மொட்டு முதல்ல தாகத்துல கொஞ்ச நாள் இருக்கணும், அதுக்கப்புறம் அந்தத் தாகம் சட்டுனு தீரணும். ரெண்டும் இந்த வரிசையில நடந்தாத்தான் பூ.

மழை பெஞ்சதும் வேர் தண்ணியை இழுக்குது, மொட்டு ஊதுது, உள்ளே ஹார்மோன் கணக்கு மாறுது. மூணு நாலு நாள்ல மொட்டு நீளறது கண்ணுக்கே தெரியும். பூக்கறதுக்கு முந்தின நாள் வெள்ளை மெழுகுவத்தி மாதிரி நிக்கும். அராபிகான்னா மழை பெஞ்ச ஒன்பது பத்து நாள்ல, ரொபஸ்டான்னா ஒரு வாரத்துல, ஒரு விடியக்காலையில மொத்தத் தோட்டமும் வெள்ளையா ஆகிடும். மல்லிகை மாதிரி வாசனை. அந்த வெள்ளை ரெண்டு நாள்தான் இருக்கும். மூணாவது நாள் பழுப்பு. இன்ஸ்டாவுல நீங்க பார்க்கற அந்தக் காப்பிப் பூ போட்டோ எல்லாமே அந்த ரெண்டு நாளைக்குள்ள எடுத்ததுதான்.

சரி, எவ்வளவு மழை வேணும்? தோட்டத்துல மில்லிமீட்டர்ல பேச மாட்டாங்க, இன்ச்லயும் சென்ட்லயும் பேசுவாங்க. ஒரு இன்ச்னா 100 சென்ட், அதாவது 25 மில்லிமீட்டர். நிலத்தை அளக்கற சென்ட் இல்ல, இது மழை சென்ட். பூமழைக்கு ஒரு இன்ச்சுல இருந்து ஒன்றரை இன்ச் வரைக்கும், ஒரே நாள்லயோ அடுத்தடுத்த ரெண்டு நாள்லயோ வரணும். ஒரு இன்ச்னா கொஞ்சம்னு தோணும். ஒரு ஏக்கர் மேல ஒரு இன்ச் மழைங்கறது ஒரு லட்சத்துச் சொச்சம் லிட்டர் தண்ணி. தெருவுல வர்ற 12,000 லிட்டர் லாரியில கொண்டுவந்தா ஒன்பது லாரி. மாமாவோட நாலு ஏக்கருக்கு முப்பத்தஞ்சு லாரி ஆகும். மேகம் அதை ஒரு சாயங்காலத்துல இறக்கிட்டுப் போயிடுது.

இப்ப நோட்டு. போன சீசன்ல மாமா எழுதி வச்சிருக்கறதை நான் அப்படியே போன்ல கேட்டுக் குறிச்சுக்கிட்டேன்.

மார்ச் 14, 30 சென்ட். நான் கேட்டேன், "மாமா, மழை வந்திருச்சே, சந்தோஷம்தானே?" அவர் சொன்னார், "அட போடா, இதுக்கு வராமலே இருந்திருக்கலாம்."

அது ஏன்னு புரிஞ்சுக்கிட்டா இந்த எபிசோடுல பாதி புரிஞ்ச மாதிரி. 30 சென்ட் மழை, மேல் மண்ணை மட்டும் நனைச்சுட்டுப் போச்சு. சரிவோட அடிவாரத்துல ஈரம் தங்கற இடத்துச் செடிகளுக்கு அது போதுமானதா இருந்தது. அங்கே மொட்டு முழிச்சுக்கிச்சு. மேட்டுல இருந்த செடிகளுக்குப் பத்தலை, அதுங்க தூங்கிக்கிட்டே இருந்தது. நடுவுல இருந்ததுங்க பாதி முழிச்சு, மேற்கொண்டு போகத் தண்ணி இல்லாம நின்னுடுச்சு. இதுலதான் நட்சத்திரப் பூன்னு ஒண்ணு வரும். இதழ் சின்னதா, தடிச்சு, பச்சை கலந்து, சரியா விரியாத பூ. பார்க்க நட்சத்திரம் மாதிரி இருக்கும், காய் பிடிக்காது. தண்ணி பத்தாம வெயிலும் ஏறினா இது கூடும். கிளையில நட்சத்திரப் பூவைப் பார்த்தா அந்தக் கணுவுல இந்த வருஷத்துக் கதை முடிஞ்சதுன்னு அர்த்தம்.

மார்ச் 24 வாக்குல தோட்டத்துல கால்வாசி பூத்ததுன்னு மாமா கண்ணளவுல எழுதியிருக்கார்.

ஏப்ரல் 2, 110 சென்ட். இதுதான் நிஜமான பூமழை. ஏப்ரல் 11 காலையில மேடு பள்ளம் எல்லாம் சேர்ந்து பூத்தது. அன்னைக்கும் மறுநாளும் மழை இல்லை. இது ரொம்ப முக்கியம். பூவை வரவழைக்கற அதே மழை, பூ விரிஞ்சிருக்கற நாள்ல வந்தா எதிரி. மகரந்தத்தைக் கழுவிட்டுப் போயிடும். அராபிகாவுக்கு இதுல கொஞ்சம் தப்பிக்க வழி உண்டு. அது தன் மகரந்தத்தாலயே கருத்தரிக்கும், விடிஞ்ச கொஞ்ச நேரத்துலயே பெரும்பாலும் வேலை முடிஞ்சுடும். ரொபஸ்டாவுக்கு அந்த வசதி இல்லை. தன் செடியோட மகரந்தத்தை அது ஏத்துக்காது, வேற செடியில இருந்துதான் வரணும். காத்தும் தேனீயும்தான் கொண்டுவரணும். மழை நாள்ல தேனீ வெளியே வராது. அதனால ரொபஸ்டா பூத்திருக்கற அந்த ரெண்டு நாள்ல வானம் கருத்தா குடகுல தூக்கம் போயிடும்.

மகரந்தம் சரியா சேர்ந்துச்சா இல்லையாங்கறதுக்கு ஒரு தடயம் கடை வரைக்கும் வரும். காரைக்குடியிலயோ மதுரையிலயோ காப்பித்தூள் அரைக்கற கடையில "பீபெரி"ன்னு கேட்டு வாங்குவாங்க இல்லையா? சாதாரணமா ஒரு காப்பிப் பழத்துக்குள்ள ரெண்டு கொட்டை, தட்டையான முகம் ஒண்ணை ஒண்ணு பார்த்த மாதிரி இருக்கும். ரெண்டுல ஒண்ணு கருத்தரிக்காமலோ, வளராமலோ போச்சுன்னா மிச்சம் இருக்கறது தனியா முழு இடத்தையும் எடுத்துக்கிட்டு உருண்டையா வளரும். அதுதான் பீபெரி. கொஞ்சம் பீபெரி எந்த வருஷமும் இருக்கும், அது இயல்பு. ஒரு தோட்டத்துல வழக்கத்தை விட ரொம்ப கூடிச்சுன்னா, பூத்த நாள்ல ஏதோ சரியில்லாம போயிருக்கலாம்னு சந்தேகப்படலாம். கடையில அதுக்குத் தனி விலை. தோட்டக்காரனுக்கு அது ஒரு கொட்டை குறைஞ்ச பழம்.

மறுபடி நோட்டுக்கு வரேன். பூ உதிர்ந்த பிறகு கணுவுல குண்டூசித் தலை அளவுக்கு ஒரு பச்சைப் புள்ளி மிஞ்சும். அதுதான் காய். ஆனா அது உடனே வளராது. ஆறேழு வாரம் அந்தக் குண்டூசித் தலை அளவுலயே நிக்கும். இந்தச் சமயத்துல மண் காஞ்சா செடி அதை உதிர்த்துடும். அதனால பூத்த பிறகு ரெண்டு மூணு வாரத்துக்குள்ள இன்னொரு மழை வேணும். அதுக்குப் பேர் பேக்கிங் ஷவர். நான் அதைத் தாங்கு மழைன்னு சொல்லுவேன், இது என் சொந்தப் பேர், மலையில போய்ச் சொன்னா சிரிப்பாங்க. பூமழையை விட இது கொஞ்சம் கூடுதலா வந்தா நல்லது.

மாமா ஏப்ரல் கடைசி வாரம் வரைக்கும் எதிர்பார்த்தார். நோட்டுல நாளுக்கு நாள் பூஜ்யம், பூஜ்யம். மே 6-ல தான் ரெண்டு இன்ச் வந்தது. பூத்து 25 நாள் கழிச்சு. அதுக்குள்ள மேட்டுச் செடிகள்ல, நிழல் கம்மியான பக்கத்துல, குண்டூசித் தலைகள் கறுத்து உதிர்ந்திருச்சு. கிளையை லேசா ஆட்டினா கையில கொட்டினதா சொன்னார். பூத்தது நிறைய, தங்கினது குறைவு. பூவைப் பார்த்து மகசூல் சொல்ல முடியாதுங்கறது இதனாலதான். காப்பி வாரியம் நாட்டோட மகசூலை வருஷத்துக்கு ரெண்டு தடவை மதிப்பிடுது, பூத்த பிறகு ஒண்ணு, பருவமழைக்கு அப்புறம் ஒண்ணு. முதல் கணக்கும் ரெண்டாவது கணக்கும் பெரும்பாலும் ஒத்துப்போகாது. நடுவுல உதிர்ந்தது எல்லாம் அந்த வித்தியாசத்துல இருக்கு.

அந்த மே 6 மழை இன்னொரு வேலையும் பண்ணிச்சு. மார்ச்லயும் ஏப்ரல்லயும் முழிக்காம மிச்சம் இருந்த மொட்டுகளை எழுப்பி விட்டுச்சு. மே 15-ல மூணாவதா ஒரு சின்னப் பூப்பு. ஆக ஒரே கிளையில மூணு வயசுக் காய்கள். மார்ச் 24, ஏப்ரல் 11, மே 15.

இதுவரைக்கும் எவ்வளவு விளையும்ங்கறதைப் பேசினோம். எவ்வளவு சீரா விளையும்ங்கற கேள்வி இங்கதான் வருது. என்னைக் கேட்டா இதுதான் பெரிய கேள்வி. விளைச்சல் குறைஞ்சா வெளியில எல்லாரும் பேசுவாங்க. ஒழுங்கில்லாம விளைஞ்சா யாருக்கும் தெரியாது, தோட்டக்காரன் மட்டும் மாட்டிக்குவான்.

அராபிகா பூத்ததுல இருந்து பழுக்க எட்டு ஒன்பது மாசம். மார்ச் பூ நவம்பர் கடைசி, டிசம்பர்ல பழுக்கும். ஏப்ரல் பூ டிசம்பர் கடைசி, ஜனவரி. மே பூ ஜனவரி கடைசியில இருந்து பிப்ரவரி வரைக்கும். காப்பியை எப்பவும் கொஞ்சம் சுத்து சுத்தாத்தான் பறிப்பாங்க. முதல்ல அங்கங்க பழுத்ததை மட்டும் எடுக்கறது, அதுக்கு ஃப்ளை பிக்கிங்னு பேர். அப்புறம் மெயின் பறிப்பு. கடைசியா மிச்சம் மீதியை உருவி எடுக்கறது. ஒழுங்கா ஒரே தடவை பூத்த வருஷம் மாமா நாலு சுத்துல முடிச்சுடுவார். போன சீசன்ல ஏழு சுத்து.

அதனால என்னன்னு கேட்பீங்க. ஒரு கணக்கு போடுவோம், எண்கள் ஒரு உதாரணத்துக்குத்தான். ஒரு ஆளுக்கு நாள் கூலி 500 ரூபாய்னு வச்சுப்போம். கிளை முழுக்கச் சிவந்திருந்தா ஒருத்தர் ஒரு நாள்ல 60 கிலோ பழம் பறிப்பார். கணுவுல ரெண்டு சிவப்பு, மூணு பச்சை, ஒண்ணு குண்டுமணி அளவுன்னு கலந்திருந்தா, ஒவ்வொண்ணாத் தேடித் தேடிப் பறிக்கணும். 25 கிலோ வந்தா அதிகம். அஞ்சு கிலோ பழத்துக்கு ஏறக்குறைய ஒரு கிலோ பார்ச்மெண்ட் கிடைக்கும், அதாவது தோல் உரிச்சுக் கழுவிக் காயவச்ச, மேல் ஓடு இருக்கற கொட்டை. முதல் கணக்குல ஒரு கிலோ பார்ச்மெண்டுக்குப் பறிகூலி 42 ரூபாய். ரெண்டாவதுல 100 ரூபாய். செடியும் அதுதான், உரமும் அதுதான். மழை வந்த தேதி மட்டும்தான் வேற.

கூலி கட்டுப்படி ஆகலைன்னா என்ன பண்ணுவாங்க? பச்சையையும் சேர்த்து உருவிடுவாங்க. அது அப்படியே நம்ம டம்ளருக்கு வரும். பச்சைக் காய் பல்ப்பர் மெஷின்ல சரியாத் தோல் உரியாது, உரிஞ்சாலும் கொட்டையில புல் வாசனையும் ஒரு துவர்ப்பும் இருக்கும். சிக்கரி நிறையப் போட்டா அது தெரியாது, அது வேற கதை. இந்தப் பக்கம், அடுத்த சுத்து வரைக்கும் காத்திருந்தா முதல்ல பழுத்தது செடியிலயே காஞ்சு, சிலது கீழே விழுந்துடும். அங்கே காய்த்துளைப்பான் வண்டு காத்திருக்கு. அந்த வண்டு ஒரு எள்ளு அளவுதான், கொட்டைக்குள்ளயே முட்டையிட்டு வாழும். ஒரே நேரத்துல காய்ச்சு ஒரே நேரத்துல பறிச்சு முடிச்சா, அடுத்த காய் வர்ற வரைக்கும் அதுக்குச் சாப்பாடு இருக்காது. மூணு வயசுக் காய் தொடர்ந்து இருந்தா ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்குத் தாவிக்கிட்டே இருக்கும்.

கீழ்ப்பழனியில இது அடிக்கடி நடக்கறதுக்குக் காரணம் உண்டு. குடகுக்கும் சிக்கமகளூருக்கும் தென்மேற்குப் பருவமழைதான் பிரதானம், அது முடிஞ்சா நீளமா ஒரு வறட்சி. மொட்டெல்லாம் ஒண்ணாத் தூங்கும், ஒண்ணா முழிக்கும். நம்ம பக்கம் வடகிழக்குப் பருவமழை. அது டிசம்பர் வரைக்கும் இழுக்கும், சில வருஷம் ஜனவரியிலயும் ஒரு தூத்தல் போடும். உறங்குற காலம் துண்டு துண்டா ஆகிடுது. அதுக்காகக் குடகுக்காரங்க நிம்மதியா இருக்காங்கன்னு இல்லை. 2021 ஜனவரி முதல் வாரத்துல அங்கே எதிர்பாராத மழை. களத்துல காயவச்ச கொட்டை நனைஞ்சது, செடியில பழுத்திருந்தது உதிர்ந்தது. போதாக்குறைக்கு, பறிக்காத பழம் இருக்கற அதே கிளையிலயே புதுப் பூ வந்துருச்சு. பறிக்கப் போனா பூ உதிரும், பறிக்காம விட்டா பழம் போகும்.

நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்துல இருக்கற கொலம்பியாவுல பல இடத்துல நீளமான வறட்சியே கிடையாது. அங்கே வருஷத்துக்கு ரெண்டு அறுவடை, கையால பறிக்கறதுதான். பிரேசிலோட செர்ராடோ பகுதியில இதை நேர் எதிரா, ஒரு வித்தையா மாத்திட்டாங்க. அங்கே காப்பிக்குப் பாசனம் உண்டு, பறிக்கறது மெஷின். மெஷினுக்குப் பச்சை எது சிவப்பு எதுன்னு தேடத் தெரியாது. அதனால ஜூன் கடைசியில இருந்து செப்டம்பர் வரைக்கும் எழுபது நாள் போலத் தண்ணியை வேணும்னே நிறுத்தி வைப்பாங்க. எல்லா மொட்டும் ஒரே நிலைக்கு வந்து காத்திருக்கும்போது மொத்தமாத் திறந்து விடுவாங்க. அல்விம் சொன்னதைக் குழாய்ல பண்ணுறாங்க, அவ்வளவுதான்.

நம்ம ஊர்ல ஏன் பண்ணக்கூடாது? குடகுல ரொபஸ்டாவுக்குப் பண்ணுறாங்க. பிப்ரவரி, மார்ச்ல ஸ்பிரிங்ளர் வச்சு ஒன்றரை இன்ச் கொடுப்பாங்க, ரெண்டு மூணு வாரம் கழிச்சு மறுபடியும். ஆனா அந்த ஒன்பது லாரிக் கணக்கை ஞாபகம் வச்சுக்கோங்க. ஒரு ஏக்கருக்கு ஒன்றரை இன்ச்னா ஒன்றரை லட்சம் லிட்டருக்கு மேல. ஓடையோ பெரிய குளமோ பக்கத்துல இருந்தாத்தான் முடியும், அதுவும் வருஷத்துலயே தண்ணி ரொம்பக் கம்மியா இருக்கற மாசத்துல. அரைகுறையா விட்டா அந்த 30 சென்ட் மழை செஞ்ச அதே கெடுதலை நாமளே காசு கொடுத்துச் செஞ்ச மாதிரி ஆகிடும்.

இன்னொரு சிக்கல், பாசனம் மண்ணைத்தான் நனைக்கும். மழை காத்தையும் குளிர வைக்குது. மொட்டு முழிக்கறதுல அந்தச் சட்டுனு குளிர்றதுக்கும் ஒரு பங்கு இருக்கு.

மாமாகிட்ட இருக்கறது ஒரு சின்னக் குட்டை. நிறைஞ்சிருந்தா நாலு லட்சம் லிட்டர் பிடிக்கும்னு சொல்றார். நாலு ஏக்கருக்கும் பூமழை அளவு கொடுக்க அது பத்தாது. அதனால இந்த வருஷம் அவர் யோசிச்சிருக்கறது வேற மாதிரி. பூவை வரவழைக்கற வேலையை வானத்துக்கே விட்டுடறது. குட்டைத் தண்ணியைத் தொடாம வச்சிருந்து, பூத்து இருபது நாள் ஆகியும் ரெண்டாவது மழை வரலைன்னா, போன தடவை உதிர்ந்த அந்த மேட்டு ரெண்டு ஏக்கருக்கு மட்டும் விடறது. முழு இன்ச் முடியாட்டியும், மேல பத்துப் பதினஞ்சு நாள் அந்தக் குண்டூசித் தலைகள் கிளையில நின்னா அவருக்குப் போதும். கூடவே மேட்டுப் பக்கத்து நிழல் மரத்தை இந்தக் கோடையில கவாத்து பண்ணலை. போன முறை மார்ச்லயே வெட்டி வெயில விட்டது அந்தப் பக்கம்தான்.

போன வாரம் பேசும்போது மொட்டு அஞ்சு மில்லிமீட்டர் வந்து நிக்குதுன்னு சொன்னார். கடைசி மழை டிசம்பர் 19-ல. அதுக்கப்புறம் நோட்டுல பூஜ்யம்தான். அந்தப் பூஜ்யத்தைப் பார்த்து இப்போதைக்கு அவருக்குக் கவலை இல்லை.